பொலபொல மணலில் ஓடினால் ஆடுசதை ஏன் இப்படி வலிக்கிறது?

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 41, எடை 68 கிலோ. சில ஆண்டுகளாகச் சாலையில் ஓடுகிறவர். 10 கிலோமீட்டர் போட்டியை 62 நிமிடத்தில் முடிப்பார். போன ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகக் கடற்கரையில், அதுவும் அலை தொடாத காய்ந்த மணலிலேயே, 5 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். 42 நிமிடம் ஆயிற்றாம்.

‘பாதியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது சார். மறுநாள் காலையில் மாடிப்படி இறங்க முடியவில்லை. இரண்டு ஆடுசதையும் இறுகிப்போய்க் கிடக்கின்றன. இடது குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே சுருக்கென்று ஒரு வலி வேறு. என் உடற்தகுதி அவ்வளவு மோசமா? மூன்று வாரத்தில் ஒரு 10 கிலோமீட்டர் சாலைப் போட்டி இருக்கிறது. ஓடலாமா, கூடாதா?’ என்று கேட்கிறார்.

உடற்தகுதிக்கு ஒன்றும் இல்லை. அவர் அன்றைக்குத் தன் போட்டி வேகத்தைவிட வேகமாக ஓடியிருக்கிறார், அது தெரியாமலேயே ஓடியிருக்கிறார். கணக்கைப் பார்த்தால் புரியும்.

1998-இல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் லெஜூன், வில்லெம்ஸ், ஹெக்லண்ட் ஆகிய மூவரும் மனிதர்களை உலர்ந்த மணலில் நடக்கவும் ஓடவும் வைத்து, செலவாகும் ஆற்றலை அளந்தார்கள். கெட்டித்தரையில் அதே வேகத்தில் ஓடுவதற்கு ஆவதைப்போல மணலில் 1.6 மடங்கு செலவானது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பின்னிங்டன், டாசன் இருவரும் புல்தரையையும் கடற்கரை மணலையும் ஒப்பிட்டபோது வந்த விடையும் ஒன்றரை மடங்கை ஒட்டியே இருந்தது. மணல் எவ்வளவு ஆழமாக உள்வாங்குகிறது என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். நம் கணக்குக்கு 1.4 முதல் 1.6 வரை என்று வைத்துக்கொள்வோம்.

வாசகர் மணலில் ஓடியது கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 24 விநாடி. இதை 1.4-ஆல் வகுத்தால் 6 நிமிடம் வருகிறது. 1.6-ஆல் வகுத்தால் 5 நிமிடம் 15 விநாடி. அவருடைய போட்டி வேகமே கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 12 விநாடிதான். ஆக எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், ஞாயிற்றுக்கிழமை சும்மா கடற்காற்று வாங்கப் போன மனிதர் தன் போட்டி வேகத்துக்கு மேல் ஓடிவிட்டு வந்திருக்கிறார். கடிகாரம் 8:24 என்று காட்டியதால் மெதுவாகப் போவதாக நினைத்துக்கொண்டார். பொலபொல மணலில் கடிகாரத்தின் வேகக்கணக்கு எதற்கும் உதவாது. அந்தத் திரையை மூடிவிடுங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரியவரும். அவர் சாலையில் பேசிக்கொண்டே நிதானமாக ஓடுவது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதே மூச்சில் மணலில் ஓடவேண்டுமானால் கிலோமீட்டருக்கு சுமார் பத்தரை நிமிடம் எடுக்கவேண்டும். அது வேகநடைக்கு அருகில் வந்துவிடுகிறது. நிதானமான ஓட்டம் என்ற ஒன்றே சாதாரண ஓட்டக்காரருக்குக் காய்ந்த மணலில் அநேகமாகக் கிடையாது. ஓட ஆரம்பித்தாலே அது கடினப் பயிற்சி. அதனால்தான் ‘மெதுவாகத் தொடங்குங்கள்’ என்ற வழக்கமான அறிவுரையை நான் இங்கே சொல்வதில்லை. குறைந்த நேரத்தில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

எடை குறைப்பவர்கள் இந்த 1.6 மடங்கைக் கேட்டதும் கண் விரிய ஒரு கேள்வி கேட்பார்கள். மணலில் ஓடினால் கொழுப்பு ஒன்றரை மடங்கு கரையுமா? கிலோமீட்டர் கணக்கில் ஆமாம், நிமிடக் கணக்கில் இல்லை. ஒரே அளவு மூச்சு வாங்க அரைமணி நேரம் சாலையில் ஓடினாலும் மணலில் ஓடினாலும் எரிவது ஏறக்குறைய ஒன்றுதான். மணலில் தூரம் குறைவாகப் போயிருப்பீர்கள், அவ்வளவே.

சரி, இந்தக் கூடுதல் ஆற்றல் எங்கே போகிறது? கால் புதைகிறது, மணலைத் தள்ளவேண்டியிருக்கிறது, அதற்குத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு சிறு பங்குதான். அதே லூவேன் ஆய்வில் மணலில் ஓடுபவர் செய்யும் இயக்கவேலை கெட்டித்தரையைவிட 15 சதவீதம்தான் கூடியிருந்தது. வேலை 15 சதவீதம் கூட, செலவோ 60 சதவீதம் கூட. நடுவே இருக்கும் இந்தப் பெரிய இடைவெளிக்குக் காரணம் குதிகால் நாண்.

கெண்டைக்காலின் பின்புறம் இரண்டு தசைகள் இருக்கின்றன. மேலே புடைத்துத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். அதற்கு அடியில் அகலமாகப் படர்ந்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே சேர்ந்து குதிகால் நாணாகி, குதிகால் எலும்பில் இறங்குகின்றன. கெட்டித்தரையில் கால் ஊன்றும்போது இந்தத் தசைகள் பெரிதாகச் சுருங்கி விரிவதில்லை. ஒரே நீளத்தில் விறைத்துப் பிடித்துக்கொள்கின்றன. நீண்டு சுருங்குவது நாண்தான். உடல் எடை இறங்கும்போது ரப்பர் பட்டைபோல் இழுபட்டு, கால் தரையை விட்டு எழும்பும்போது அந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மக்னீல் அலெக்சாண்டரின் குழு 1987-இல் இதற்கு ஒரு மதிப்பீடு தந்தது. நல்ல வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலிலும் கைமாறும் ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தைக் குதிகால் நாணும், 17 சதவீதத்தை உள்ளங்கால் வளைவும் சேமித்துத் திருப்புகின்றன. தசை தனியாக வேலை செய்தால், தின்ற ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் அசைவாக மாற்றும். சாலை ஓட்டத்தில் நம் கால்கள் 40 சதவீதத்துக்கும் மேல் தேறுவதுபோல் தோன்றுவது இந்த இலவச ஆற்றலால்.

இப்போது காய்ந்த மணலுக்கு வாருங்கள். நாண் இழுபடுகிறது, சேமிக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்த நொடியில் முன்பாதத்துக்குக் கீழே இருக்கும் மணல் பின்னால் சரிகிறது. நாண் கொடுத்த ஆற்றலை மணல் வாங்கிக்கொள்கிறது. மணல் அதைத் திருப்பித் தராது. உடலை முன்னால் எடுத்துச் செல்ல வேண்டியதோ இன்னும் பாக்கி. அதைத் தசைதான் சுருங்கிச் செய்தாகவேண்டும். சாலையில் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்த ஆடுசதை, மணலில் முழுநேரமும் உழைக்கிறது. ஒரு கிலோமீட்டரில் ஒவ்வொரு காலும் அறுநூறு தடவைக்கு மேல் ஊன்றும். 5 கிலோமீட்டரில் மூவாயிரத்தைத் தாண்டிவிடும். வாசகரின் கால்கள் பழகாத வேலையை மூவாயிரம் தடவை செய்திருக்கின்றன.

இதோடு இன்னொரு சங்கடமும் உண்டு. குதிகாலை முதலில் ஊன்றி ஓடுபவர்களுக்கு மணலில் குதிகால் முன்பாதத்தைவிட ஆழமாகப் போய்விடும். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கினால் ஆடுசதை எப்படி இழுபடுமோ அதே நிலை. அந்த நிலையிலிருந்து உந்தி எழ வேண்டியிருப்பதால் நாணின் மீதும், அது எலும்பில் ஒட்டும் இடத்தின் மீதும் பாரம் கூடுகிறது. மணல் மெத்தென்று இருப்பதால் மூட்டுக்கு நல்லது என்பார்கள். தரையில் மோதும் அதிர்ச்சி குறைவது உண்மைதான். ஆனால் முழங்காலில் குறைகிற சுமை கணுக்காலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்தது நிலைநிறுத்தும் தசைகள். கணுக்காலின் வெளிப்பக்கமாக இறங்கும் பெரோனியல் தசைகளும், உட்பக்கமாக இறங்கி உள்ளங்கால் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியரும், பாதத்துக்குள்ளேயே இருக்கும் குட்டித் தசைகளும், இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸும் இதில் சேரும். சாலையில் அடுத்த அடி எப்படி விழும் என்று உடலுக்கு முன்கூட்டியே தெரியும். காய்ந்த மணலில் தெரியாது. ஒரு அடி உள்பக்கம் சரியும், அடுத்தது வெளிப்பக்கம் சரியும், மூன்றாவது யாரோ நேற்று நடந்த குழியில் போய் விழும். அதனால் கணுக்காலின் இருபக்கத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகி மூட்டை விறைப்பாக்கிக் காக்கின்றன. ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் இந்த உழைப்பால் ஓர் அங்குலம்கூட முன்னால் போகமுடியாது, ஆற்றல் மட்டும் செலவாகும். சிறிய தசைகள் என்பதால் சீக்கிரம் களைத்தும் விடும். களைத்த பிறகுதான் கணுக்கால் மடங்குவது நடக்கிறது. ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் பிசகுகிறவர்கள் அதிகம், முதல் ஐந்து நிமிடத்தில் பிசகுகிறவர்கள் குறைவு.

நீங்கள் ஓடும் முறை சரியா என்று பார்க்கப் பயிற்சியாளர் வேண்டியதில்லை. முப்பது மீட்டர் ஓடிவிட்டுத் திரும்பி வந்து உங்கள் தடத்தைக் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் இருந்த இடத்தில் ஆழமாக ஒரு பள்ளமும், அதற்குப் பின்னால் வாரி எறிந்ததுபோல் ஒரு மணல் குவியலும் இருந்தால், சாலையில் செய்வதுபோல விரல்நுனியால் உந்துகிறீர்கள். அந்தக் குவியல் நீங்கள் வீணாக்கிய ஆற்றல். குதிகால் பக்கம் முன்னோக்கி இழுபட்ட கோடும் ஆழக் குழியும் தெரிந்தால், அடியை மிக நீளமாக வைக்கிறீர்கள். தடம் முழுப் பாதத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில், விளிம்பு அதிகம் கலையாமல் பதிந்திருந்தால் சரியாக ஓடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அப்படித் தடம் விழச் செய்வதற்கு அடியைக் குறுக்க வேண்டும், எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பாதத்தைத் தட்டையாக, இடுப்புக்கு நேர் கீழே வைக்க வேண்டும். உந்துவதை மறந்துவிட்டு, முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி, காலை மணலிலிருந்து எடுப்பதில் கவனம் வையுங்கள். நீலாங்கரைப் பக்கம் விடியற்காலையில் மீன்கூடை சுமந்து மேலேறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் விரலால் உந்தி நடப்பதில்லை. பாதத்தை அப்படியே வைத்து அப்படியே எடுக்கிறார்கள்.

எந்த மணலில் ஓடுவது என்பதும் முக்கியம். மணல்துகள்களுக்கு இடையே கொஞ்சம் நீர் இருக்கும்போது அது துகள்களை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அலை வந்து விலகிய ஈரப்பட்டை கெட்டியாக இருக்கிறது. நீர் அதிகமானாலும் பிடி தளர்ந்துவிடும். அலை வந்துபோய்க்கொண்டே இருக்கும் விளிம்பில் கால் திரும்பவும் புதைவது அதனால்தான். சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆகவே இங்கே கெட்டியான பட்டை குறுகலானது, பெரும்பாலும் சரிவானதும்கூட. அந்தச் சரிவில் ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடாதீர்கள். பெசன்ட் நகரிலிருந்து தெற்கே ஓடினால் கடல் இடப்பக்கம் இருக்கும். இடது பாதம் தாழ்வாக விழுந்து வெளிப்பக்கம் சாயும், வலது பாதம் மேட்டில் விழுந்து உட்பக்கம் சாயும். இடுப்பும் ஒருபக்கம் சாயும். போன தூரத்துக்கு அதே பட்டையில் திரும்பி வந்தால் பாரம் இரண்டு காலுக்கும் சமமாகும். மேலே இருக்கும் காய்ந்த மணல் பெரும்பாலும் சமதளம். மெரினாவில் அதற்குப் பஞ்சமே இல்லை.

இனி பயிற்சி. மணலில் கால் வைக்கும் முன்பு வீட்டில் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். சுவரை விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று, முழங்காலை நீட்டியபடி குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். ஒரு காலுக்கு 20, 25 தடவை நிதானமாகச் செய்ய முடியவேண்டும். பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடித்து அதையே செய்யுங்கள். இது சோலியஸைச் சோதிக்கும். மணலில் முதலில் கையை விரிப்பது பெரும்பாலும் சோலியஸ்தான். ஒரு காலில் 22, மறு காலில் 12 என்று வந்தால் மணலை ஒத்திவைத்துவிட்டு, வாரம் மூன்று நாள் குதிகால் தூக்கும் பயிற்சியை ஆறு வாரம் செய்யுங்கள். வெறுங்காலோடு ஒற்றைக்காலில் 30 விநாடி ஆடாமல் நிற்கவும் முடியவேண்டும்.

நம் வாசகர் தேறிவிட்டார் என்று வைத்துக்கொண்டு அவருக்கு நான் எழுதிக் கொடுக்கும் திட்டம் இது. வாரத்தில் ஒரே ஒரு நாள். முதலில் ஈரப்பட்டையில் பத்து நிமிடம் நிதான ஓட்டம். பிறகு காய்ந்த மணலுக்கு ஏறி ஒரு நிமிடம் ஓட்டம், கெட்டியான பட்டைக்கு இறங்கி இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு முறை. மணலில் ஓடியது மொத்தம் ஆறே நிமிடம். ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?’ என்று தோன்றும். தோன்றட்டும். இரண்டாம் வாரம் எட்டு முறை, மூன்றாம் வாரம் பத்து முறை. நான்காம் வாரம் கூட்டாமல் திரும்பவும் ஆறு. ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடத்தை இரண்டு நிமிடமாக்கி ஐந்து முறை, அடுத்த வாரம் ஆறு முறை. காய்ந்த மணலில் ஒரே நாளில் 20 நிமிடத்துக்கு மேல் சாதாரண ஓட்டக்காரருக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. அதற்கு மறுநாள் சாலையில் வேக ஓட்டமோ மேடேறும் ஓட்டமோ வேண்டாம். 48 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நடக்கும் ஓய்வை ஈரப்பட்டையில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணல் ஓட்டத்தைவிட நடையைத்தான் அதிகம் தண்டிக்கிறது. லூவேன் அளவீட்டில் மணலில் நடக்க, கெட்டித்தரையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு வரை ஆற்றல் செலவானது. சாலையில் ஓடி நடந்து ஓடிப் பழகியவர்கள், மணலில் நடந்தால் ஓய்வு கிடைக்கும் என்று நம்பி நடந்துகொண்டே இருப்பார்கள், மூச்சு இறங்கவே இறங்காது. ஐம்பது அடி கீழே இறங்கினால் உண்மையான ஓய்வு கிடைக்கும்.

மணல்மேட்டுப் பயிற்சி பற்றிப் பேச்சு வந்தால் ஹெர்ப் எலியட்டின் பெயர் வராமல் இருக்காது. ஆஸ்திரேலியாவின் போர்ட்சீயில் பெர்சி செருட்டி என்ற பயிற்சியாளர் அவரை மணல்குன்றுகளில் ஏற்றி இறக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிடம் 35.6 விநாடியில் உலக சாதனையோடு வென்றார் எலியட். இதைப் படித்துவிட்டு உடனே குன்று தேடிக் கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் குன்றேற்றங்கள் குறுகியவை, செங்குத்தானவை, பல ஆண்டுப் பயிற்சி உள்ள இளைஞனின் கால்களுக்கானவை. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது குறுகிய தூரம் என்பதை மட்டும்தான்.

வலிக்கு வருவோம். வாசகருக்கு இரண்டு வெவ்வேறு வலி இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். இரண்டு ஆடுசதையிலும், தசையின் நடுப்பகுதியில், தொட்டால் வலிக்கும் பரவலான இறுக்கம் முதல் வகை. மறுநாள் தொடங்கி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் நான்கைந்து நாளில் தானே வடிந்துவிடும். பழகாத வேலையின் பலன் அது. மெதுவாக நடந்தால் போதும். அழுத்திப் பிடித்து இழுத்து நீட்டாதீர்கள், வலி கூடும்.

இடது குதிகாலுக்கு மேலே உள்ள சுருக் வலி அந்த ரகமல்ல. ஒரு பக்கம் மட்டும், விரலால் குறிப்பாகச் சுட்டும்படி, தசையில் அல்லாமல் நாணில் வலிக்கிறது. விரலால் நாணைக் கிள்ளிப் பாருங்கள். எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே வலித்தால் நாணின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடி விறைப்பாக இருந்து, பிறகு சரியாகிவிடுவதும் இதன் அடையாளம். முழு ஓய்வு எடுத்தால் நாண் பலப்படாது. சமதரையில் இரண்டு காலாலும் குதிகால் தூக்கும் பயிற்சியில் தொடங்கி, வலி தாங்கும் அளவில் இருந்தால் ஒற்றைக்காலுக்கு மாறலாம். எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் படிவிளிம்பில் குதிகாலைத் தாழ்த்தும் பயிற்சி கூடாது, காய்ந்த மணலும் கூடாது. இரண்டும் அந்த இடத்தை அழுத்துகின்றன. உள்ளங்கால் குதிகாலில் காலையில் குத்தும் வலி உள்ளவர்களும் பொலபொல மணலைத் தவிர்ப்பது நல்லது.

சில அடையாளங்கள் தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. ஓடும்போதே பின்னங்காலில் யாரோ அடித்ததுபோல் பட்டென்று ஒன்று தெறித்து, அதன்பிறகு நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஒரு ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்திருந்தால், நீண்ட பஸ் அல்லது விமானப் பயணத்துக்குப் பிறகு என்றால் இன்னும் கவனமாக, ரத்த உறைவா என்று பார்க்கவேண்டும். இன்னொரு விஷயத்தை ஓட்டக்காரர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும், குதிகால் நாண்தான் அதில் முதலில் மாட்டும். வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ அவற்றைச் சாப்பிட்டு முடித்தவர்கள், அடுத்த சில வாரங்களுக்கு மணலில் ஓடவேண்டாம். மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறுங்காலா, ஷூவா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இடத்தைப் பொறுத்தது. வெறுங்காலில் பாதத்தின் குட்டித் தசைகள் நன்றாக வேலை செய்யும். விரல்கள் மணலைப் பற்றும். ஆனால் நம் கடற்கரைகளில் பாட்டில் கண்ணாடி, அறுந்த தூண்டில் முள், சோழிச் சில்லு எல்லாம் கிடக்கும். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, கண்ணால் பார்த்து நடந்த பாதையில் மட்டும் வெறுங்காலில் ஓடுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் மணலில் இறங்கவே கூடாது. ஒரு சிறு கீறல் நாட்கணக்கில் தெரியாமல் புண்ணாகிவிடும். ஷூ போடுவதானால் அடிப்பாகம் தாழ்வான பழைய ஜோடி போதும். தடித்த மெத்தை உள்ள புது ஷூ, ஏற்கெனவே ஆடும் தரையின் மேல் இன்னொரு ஆடும் அடுக்கைச் சேர்க்கும். சாக்ஸுக்குள் மணல் புகுந்தால் நின்று உதறிவிட்டுப் போங்கள், கொப்புளம் தவிரும்.

கடைசியாக, அந்த மூன்று வாரப் போட்டி. தசைவலி இந்த வாரத்துக்குள் போய்விடும். தீர்மானிக்க வேண்டியது இடது நாண்தான். அடுத்த பத்து நாள் சமதரையில் நிதான ஓட்டம் மட்டும், அதுவும் ஓடும்போது வலி பத்தில் மூன்றுக்கு மேல் போகாமலும் மறுநாள் காலை விறைப்பு கூடாமலும் இருந்தால் மட்டும். பத்தாம் நாள் இடது காலில் மட்டும் நின்று இருபது முறை சின்னச் சின்னதாகக் குதித்துப் பாருங்கள். வலியில்லாமல், வலது காலைப்போலவே குதிக்க முடிந்தால் போட்டியில் ஓடலாம். முடியாவிட்டால் இந்தப் போட்டியை விட்டுவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காலைக் காட்டுங்கள். போட்டி முடியும்வரை காய்ந்த மணல் பக்கம் போகவேண்டாம். முடிந்து ஒரு வாரம் கழித்து, ஆறு ஒரு நிமிட ஓட்டங்களோடு தொடங்கலாம்.